டயட் கோலா: எதற்குப் பதிலாகக் குடிக்கிறோம்?

டயட் கோலா குடித்தால் எடை குறையுமா என்று கேட்பவர்கள் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எதற்குப் பதிலாகக் குடிக்கிறோம் என்பது மீதிப் பாதி. அதைச் சேர்க்காமல் இந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. 300 மில்லி சாதாரண கோலாவில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. டீஸ்பூன் கணக்கில் ஆறுக்கு மேல். கலோரியில் 125-ஐ ஒட்டி வரும். அதே அளவு டயட் கோலாவில் கலோரி இல்லை என்றே சொல்லலாம். இந்த 125 கலோரி வித்தியாசம்தான் டயட் பானம் தரக்கூடிய மொத்தப் பலன். அதில் சேர்க்கப்படும் ஆஸ்பர்டேம், அசிசல்ஃபேம், சுக்ரலோஸ் எதற்கும் கொழுப்பைக் கரைக்கும் சக்தி கிடையாது. ஆகவே தினமும் சர்க்கரைப் பானம் குடித்துக்கொண்டிருந்தவர் டயட்டுக்கு மாறினால் லாபம். இதுவரை தண்ணீரும் மோரும் மட்டும் குடித்து வந்தவர் உடம்பைக் குறைக்கலாம் என்று புதிதாக டயட் கோலா வாங்கினால், அவர் எதையும் கழிக்கவில்லை, காசைத்தான் செலவழிக்கிறார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 82 கிலோ எடையுள்ள ஒருவர் மதியச் சாப்பாட்டோடு ஒன்று, மாலைச் சிற்றுண்டியோடு ஒன்று என நாளுக்கு இரண்டு 300 மில்லி கோலா குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் டயட்டாக மாற்றினால் நாளுக்கு 250 கலோரி மிச்சம். முப்பது நாளில் 7,500. உடலிலுள்ள ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்குத் தோராயமாக 7,700 கலோரி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதன்படி மாதம் ஒரு கிலோ குறைய வேண்டும். நடைமுறையில் அவ்வளவு குறையாது. விட்டுப்போன கலோரியில் ஒரு பகுதியை உடம்பு அடுத்த வேளைச் சாப்பாட்டில் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எடை இறங்க இறங்க உடலின் தேவையும் சிறுகச் சிறுகக் குறைகிறது. இவருக்கு மாதம் அரைக் கிலோ குறைந்தாலே நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ளலாம். தட்டிலிருந்து ஒரு கவளம்கூடக் குறைக்காமல் கிடைக்கும் அரைக் கிலோ அது. சர்க்கரைப் பானத்தின் கலோரி திட உணவைப் போல வயிற்றை நிரப்புவதில்லை. கோலா குடித்தவர் அதற்காகச் சோற்றைக் குறைத்துக்கொள்வது அபூர்வம். அதனால்தான் அதை நிறுத்தும்போதும் பெரிய பசி எழுவதில்லை.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு வரும். உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்திருக்கிறதே என்பார்கள். உண்மைதான், அந்தப் பரிந்துரையின் அடித்தளத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த நிறுவனம் இரண்டு வகைச் சான்றுகளைத் திரட்டியது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து நடத்திய சோதனைகளில், இனிப்பூட்டி பயன்படுத்தியவர்களின் எடை சராசரியாக முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது. மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலோ, இனிப்பூட்டி அதிகம் உட்கொண்டவர்களிடம் உடல்பருமனும் சர்க்கரை நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. இரண்டாவது வகையில் ஒரு சிக்கல் உண்டு. டயட் பானத்தைத் தேடிப் போகிறவர் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே எடை ஏறிக்கொண்டிருப்பவர், குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பவர், மருத்துவர் எச்சரித்து அனுப்பியவர். மருந்துக்கடை வாசலில் நோயாளிகள் நிற்பதைப் பார்த்து, மருந்துக்கடைதான் நோயைத் தருகிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. புள்ளியியல் முறைகளால் இந்தக் கோணலை ஓரளவு சரிசெய்யலாம், முழுவதும் நீக்க முடியாது. உலக சுகாதார நிறுவனமும் இதை ஒப்புக்கொண்டு, தன் பரிந்துரையை உறுதியானது என்று வகைப்படுத்தாமல் நிபந்தனைக்குட்பட்டது என்றே வகைப்படுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. நான் அந்தப் பரிந்துரையைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. இனிப்பூட்டியை மட்டும் நம்பி நீண்டகாலம் எடையைக் காக்க முடியாது என்ற அதன் சாரம் சரியே. அதை வைத்து டயட் பானம் எடையைக் கூட்டும் என்று சொல்வதுதான் சான்றை மீறிய முடிவு.

காரணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்டும் ஆய்வுகளில் என்னை அதிகம் கவர்ந்தது 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு. ஐந்து வயதை ஒட்டியவர்கள் முதல் பன்னிரண்டு வயதை எட்டாதவர்கள் வரை 641 பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு மாதங்கள் நாளுக்கு 250 மில்லி பானம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை கலந்தது, மீதிப் பேருக்கு இனிப்பூட்டி கலந்தது. எது யாருக்கு என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, ஆய்வாளர்களுக்கும் தெரியாது. வளரும் பிள்ளைகள் என்பதால் எல்லோருக்கும் எடை கூடியது: சர்க்கரைக் குழுவில் சராசரியாக 7.37 கிலோ, இனிப்பூட்டிக் குழுவில் 6.35 கிலோ. என்ன குடிக்கிறோம் என்பது தெரியாததால், டயட்தானே குடித்தோம், இன்னொன்று சாப்பிடலாம் என்று நினைக்க அங்கே வழியே இல்லை. இனிப்பூட்டி தன்னளவில் பசியைத் தூண்டி, மிச்சமான கலோரி முழுவதையும் வேறு உணவின் வழியே திரும்ப வாங்கித் தந்திருந்தால் இந்த ஒரு கிலோ இடைவெளி வந்திருக்காது.

சரி, சர்க்கரையைவிட மேல். தண்ணீரோடு வைத்துப் பார்த்தால்? இங்கிலாந்தின் லிவர்பூலில், எடைக்குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 493 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை நாளும் டயட் பானமும் மற்றதைத் தண்ணீரும் குடிக்கவைத்தார்கள். ஓராண்டு முடிவில் டயட் பானக் குழு 7.5 கிலோவும் தண்ணீர்க் குழு 6.1 கிலோவும் இறங்கியிருந்தன. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பான உற்பத்தியாளர் சங்கம். இதைச் சொல்லாமல் அந்த எண்களை மட்டும் சொல்வது நேர்மையல்ல. டெஹ்ரானில் டயட் பானம் குடிக்கும் பழக்கமுள்ள 62 பெண்களிடம் நடந்த சோதனையில் முடிவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது: மதிய உணவுக்குப் பின் டயட் பானத்தைத் தொடர்ந்தவர்கள் 24 வாரத்தில் 7.6 கிலோவும், அதை விட்டுத் தண்ணீருக்கு மாறியவர்கள் 8.8 கிலோவும் குறைந்தார்கள். ஒன்று ஒருபக்கம், மற்றது மறுபக்கம். இரண்டிலும் இடைவெளி ஒன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. இரண்டு இடங்களிலும் உண்மையான வேலையைச் செய்தது உணவுக் கட்டுப்பாடு. அதைக் கடைப்பிடிப்பவர் பக்கத்தில் வைத்திருப்பது தண்ணீரா டயட் பானமா என்பது சிறிய விஷயம். தண்ணீர் போதும் என்பவருக்குத் தண்ணீரே போதும். இனிப்பை முற்றாக விட்டால் மூன்றாம் வாரமே திட்டத்தைக் கைவிட்டுவிடுவேன் என்று தன்னை அறிந்தவருக்கு டயட் பானம் ஒரு நியாயமான ஊன்றுகோல்.

பசி பற்றிய அச்சத்துக்கு வருவோம். நாக்கில் இனிப்புப் பட்டதும் உடம்பு கலோரியை எதிர்பார்க்கிறது, அது வராதபோது ஏமாந்து மேலும் பசிக்கிறது என்ற விளக்கம் பரவலானது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. எலிகளிடம் இதற்கு ஆதரவான முடிவுகளும் வந்திருக்கின்றன. மனிதர்களிடம் என்ன நடக்கிறது என்பதை 2025-இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. 75 இளைஞர்களுக்கு வெவ்வேறு நாள்களில் சுக்ரலோஸ் கலந்த பானம், சர்க்கரைப் பானம், வெறும் தண்ணீர் மூன்றையும் கொடுத்து, மூளையில் பசியை நிர்வகிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை அளந்தார்கள். சர்க்கரையோடு ஒப்பிட்டால் சுக்ரலோஸ் குடித்தபோது அங்கே இரத்த ஓட்டமும் கூடியது, பசிக்கிறது என்று சொன்ன அளவும் கூடியது. இந்த வரியோடு நிறுத்திவிட்டால், டயட் பானம் பசியைக் கிளப்புகிறது என்று தலைப்புப் போட்டுவிடலாம். ஆனால் தண்ணீரோடு ஒப்பிட்டபோது, மூளையின் இரத்த ஓட்டத்தில் வித்தியாசம் இருந்தும், பசியின் அளவில் வித்தியாசம் இல்லை. சர்க்கரைப் பானம் குடித்தவர் வயிற்றுக்குள் முந்நூறு கலோரி அளவுக்குப் போயிருந்தது. அவருக்குப் பசி குறைந்தது இயல்பு. டயட் பானம் பசியை மூட்டவில்லை, அடக்கவுமில்லை. தண்ணீரைப் போலவே நடந்துகொண்டது. மூளையில் தெரிந்த மாற்றம் நாளடைவில் எதற்காவது இட்டுச்செல்லுமா என்பது வேறு கேள்வி. அதை ஒரு வேளைச் சோதனையால் தீர்க்க முடியாது. இனிப்பூட்டியால் நாக்கு இனிப்புக்கே அடிமையாகிவிடும் என்ற வாதத்தையும் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 180 பேரை ஆறு மாதம், இனிப்பு குறைவான, நடுத்தரமான, மிகுந்த உணவுமுறைகளில் வைத்துப் பார்த்ததில், யாருடைய இனிப்பு நாட்டமும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அப்படியானால் டயட் பானத்துக்கு மாறியும் சிலருக்கு எடை குறையாமல் நிற்பது ஏன்? கசிவு பெரும்பாலும் வயிற்றில் இல்லை, மனக்கணக்கில் இருக்கிறது. மேலே சொன்ன 82 கிலோக்காரர் மாலையில் டயட் கோலாவைக் கையில் எடுத்ததும், கலோரி மிச்சம் என்ற நினைப்பில் கூடுதலாக ஒரு சமோசா எடுக்கிறார். ஒரு நடுத்தரச் சமோசாவுக்கு இருநூறு முதல் முந்நூறு கலோரி. இரண்டு பானத்தில் சேமித்தது ஒரே சமோசாவில் போய்விட்டது. கோலாவுக்கே பழகியவருக்கு அதன் சுவையோடு சிப்ஸ், முறுக்கு, பிரியாணி என்று சில துணைகளும் கட்டுண்டு கிடக்கும். பானம் மாறினாலும் துணைகள் வந்து நிற்கும். இது உங்களுக்கு நடக்கிறதா என்று அறிய நான்கு வாரம் போதும். முதல் இரண்டு வாரம் டயட் பானத்தைச் சாப்பாட்டோடு மட்டும் குடியுங்கள், நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு. அடுத்த இரண்டு வாரம் அதே நேரங்களில் சோடாத் தண்ணீரோ சாதாரணத் தண்ணீரோ குடியுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒருநாள் எடை உப்பாலும் தண்ணீராலும் ஒரு கிலோ வரை ஆடும். இரு வேளைகளுக்கு நடுவே வாயில் போட்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். டயட் வாரங்களில் அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால், உங்களுக்கு அது நொறுக்குத்தீனியை அழைத்துவரும் பானம், தண்ணீருக்குப் போய்விடுங்கள். பட்டியலும் சராசரியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தாராளமாகத் தொடரலாம்.

நம் ஊரில் கோலாவைவிடக் காபி, டீ வழியாகச் சர்க்கரை அதிகம் உள்ளே போகும் வீடுகள் நிறைய. நாளுக்கு நான்கு டம்ளர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு டீஸ்பூன் என்றால் நாற்பது கிராம், 160 கலோரி. இங்கே இனிப்பூட்டி மாத்திரை அதே கழித்தலைச் செய்யும். ஆஸ்பர்டேம் வகை மாத்திரையைக் கலந்த காபியில் போடலாம். பாயசத்தில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது சிதைந்து இனிப்புப் போய்விடும். சமையலுக்குச் சுக்ரலோஸ் அதைவிடத் தாங்கும்.

பாதுகாப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆஸ்பர்டேமும் புற்றுநோயும் என்பதிலேயே சுற்றுகிறது. 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆஸ்பர்டேமை '2பி' பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம், சான்று மட்டானது என்பது அதன் பொருள். இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கின்றன. எவ்வளவு உட்கொண்டால் எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. அளவைச் சொல்வது உணவுச் சேர்மானங்களுக்கான பன்னாட்டு நிபுணர் குழுவின் வேலை. அந்தக் குழு அதே நாளில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற தன் பழைய வரம்பை மாற்ற வேண்டியதில்லை என்று அறிவித்தது. 70 கிலோ ஆளுக்கு அது 2,800 மில்லிகிராம். ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் ஆஸ்பர்டேம் இருக்கும் என்று கொண்டால், ஒரே நாளில் ஒன்பது முதல் பதினான்கு கேனுக்கு மேல் குடித்தால்தான் அந்த வரம்பைக் கடக்க முடியும். விலங்குகளிடம் தீங்கு தெரியாத அளவை எடுத்து நூறால் வகுத்து வைத்த வரம்பு அது. ஆகவே நாளுக்கு ஒன்றிரண்டு குடிக்கும் பெரியவர் புற்றுநோயை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இதே கணக்கைப் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள்: 20 கிலோ எடையுள்ள குழந்தையின் வரம்பு 800 மில்லிகிராம், மூன்று நான்கு கேனில் அது எட்டிவிடும். குழந்தைக்கு இதை அன்றாடப் பானமாக்குவதை நான் ஏற்காததற்கு இந்த எண்ணே போதுமான காரணம்.

புற்றுநோயைவிட எனக்கு ஆர்வமூட்டுவது குடலிலுள்ள நுண்ணுயிர்கள் பற்றிய கேள்வி. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள், அதுவரை இனிப்பூட்டி தொடாத 120 பேருக்கு இரண்டு வாரம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் நான்கு வகை இனிப்பூட்டிகளைக் கொடுத்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். சாக்கரினும் சுக்ரலோசும் எடுத்தவர்களுக்குக் குளுக்கோஸைக் கையாளும் திறன் சற்றுக் குறைந்தது; ஆஸ்பர்டேம், ஸ்டீவியா எடுத்தவர்களிடம் அப்படித் தெளிவான மாற்றம் இல்லை. ஆளுக்கு ஆள் விளைவு பெரிதும் மாறியது. இதை அலட்சியப்படுத்த நான் தயாரில்லை. இரண்டு வாரச் சோதனையை வைத்துச் சர்க்கரை நோய் வரும் என்று பயமுறுத்தவும் தயாரில்லை. 'இனிப்பூட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வேதிப்பொருள்கள் ஒளிந்திருக்கின்றன என்பதையாவது இது உணர்த்துகிறது. பாட்டில் லேபிளில் ஐஎன்எஸ் 951 என்றால் ஆஸ்பர்டேம், 950 அசிசல்ஃபேம், 955 சுக்ரலோஸ், 954 சாக்கரின், 960 ஸ்டீவியா வகை. வாங்கும்போது எண்ணைப் பார்த்துவிட்டால் எதைக் குடிக்கிறோம் என்பது தெரியும்.

சந்தேகமே இல்லாத தீங்கு ஒன்று உண்டு. அதற்கும் இனிப்பூட்டிக்கும் தொடர்பில்லை. கோலாவில் பாஸ்பாரிக் அமிலமும், எலுமிச்சைச் சுவைப் பானங்களில் சிட்ரிக் அமிலமும் இருக்கின்றன. சர்க்கரை இல்லாததால் பல் சொத்தை குறையலாம், ஆனால் அமிலம் எனாமலை அரிப்பது நிற்காது. ஒரு பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒவ்வொரு வாயாகப் பருகுவதுதான் பல்லுக்கு மிக மோசமான முறை. சாப்பாட்டோடு குடித்து முடித்து, தண்ணீரால் வாய் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்துப் பல் துலக்குங்கள். கோலாவில் காஃபீன் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். இரவு எட்டு மணிக்குக் குடித்துத் தூக்கம் கெட்டால், மறுநாள் கூடும் பசிக்குக் காரணம் இனிப்பூட்டி அல்ல, தூக்கமின்மை.

முற்றாக விலக்க வேண்டியவர்களும் உண்டு. பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் ஆஸ்பர்டேமைத் தொடக்கூடாது. அது உடலில் சிதையும்போது வரும் பீனைல்அலனின் அவர்களுக்கு மூளையைப் பாதிக்கும் நஞ்சு. லேபிளில் அந்த எச்சரிக்கை இருப்பது இதனால்தான். கர்ப்பிணிகள் எந்த இனிப்பூட்டியையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் எடைக்குறைப்பின்போது சாப்பாட்டைக் குறைப்பதால், இரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு வரும் வாய்ப்புக் கூடுகிறது. அந்த நேரத்தில் பதற்றத்தில் வீட்டார் எடுத்துக் கொடுக்கும் பாட்டில் டயட் கோலாவாக இருந்தால் பயனே இல்லை. இனிக்கும், ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறாது. நினைவோடு விழுங்க முடிகிற நிலையில் இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, சாதாரணக் கோலாவில் அரை டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகவோ உடனே கொடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் டயட் பாட்டிலையும் சாதாரண பாட்டிலையும் குளிர்பதனப் பெட்டியின் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.